பத்தொன்பதாயிரத்து இருநூறு பிக்சல்கள்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வரும் படங்களில் பாதி, தாங்கள் யார் என்பதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டுதான் வரும். கைபேசியில் எடுத்த படம் கமராவில் எடுத்ததாகச் சொல்லும். இணையத்தில் இருந்து இறக்கிய படம் இத்தாலியில் இருந்து வாங்கியதாகச் சொல்லும். அச்சு இயந்திரத்துக்குப் போகுமுன் கோப்புகளைத் திறந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதி வைப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஆனால் சான்றிதழோடு வந்த படம் அது ஒன்றுதான்.

அனுப்பியது வெள்ளவத்தையில் உள்ள ஒரு நலன்புரிச் சங்கம். யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றில் இருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்கள் நடத்துவது. பவள விழாவுக்கு மண்டபச் சுவரில் பதினாறு அடி அகலத்தில் ஒரு படம் ஒட்ட வேண்டும். சங்கத்தைத் தொடங்கியவர்கள் முப்பத்தொரு பேர் மூன்று வரிசையில் நின்றும் இருந்தும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோப்போடு பொன் முத்திரை குத்திய தாள் ஒன்றும் வந்தது. "அசல் கண்ணாடி நெகட்டிவில் இருந்து அதியுயர் தெளிவில் பிரதி செய்யப்பட்டது. அகலம் 19,200 பிக்சல்" என்று அதில் இருந்தது. கீழே பம்பலப்பிட்டியைச் சேர்ந்த ஒரு டிஜிட்டல் ஆலோசகரின் கையெழுத்து.

கணக்கு அழகாகத்தான் இருந்தது. பதினாறு அடி என்றால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அங்குலம். அங்குலத்துக்கு நூறு பிக்சல். சுவர்ப் படத்துக்கு அது தாராளம். எங்கள் முதலாளி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதையே பிரேம் போட்டு மாட்டலாம் போல இருக்கே" என்றார்.

நான் கோப்பைத் திறந்து முகங்களைப் பெரிதாக்கினேன். எல்லாருக்கும் கண் இருந்தது, மூக்கு இருந்தது. ஆனால் அவை மாவில் விரலால் அழுத்தியதுபோல் இருந்தன. பழைய படம் மங்கலாக இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் கண்ணாடி நெகட்டிவ் என்றால், படம் எவ்வளவு மங்கினாலும் அதன் மேல் வெள்ளி மருந்தின் நுண்ணிய புள்ளிகள், நாங்கள் பொரி என்பது, இருக்கும். தூசி இருக்கும். மயிரளவு கீறல் இருக்கும். படம் பிடித்தவர் குவியத்தைத் தவறவிட்டிருந்தாலும் தூசி தவறவிடாது. இந்தப் படத்தில் தூசியே இல்லை. பிறந்த குழந்தையின் கன்னம்போல வழவழவென்று இருந்தது.

அதனால் அதன் அலைவரிசைப் படத்தை எடுத்தேன். எந்தப் படத்தையும் பெரிய, சிறிய அலைகளின் கூட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். வானம், சுவர் போன்று மெல்ல மாறும் விடயங்கள் பெரிய அலைகள். அவை அலைவரிசைப் படத்தின் நடுவில் வெளிச்சமாகத் தெரியும். மீசை மயிர், வேட்டிக் கரை, வெள்ளிப் பொரி போன்ற நுணுக்கங்கள் எல்லாம் சிறிய அலைகள்; அவை ஓரங்களை நோக்கிப் போகும். நேர்மையான படத்தில் நடுவில் இருக்கும் வெளிச்சம் ஓரம் நோக்கி மெல்ல மெல்லக் குறையும். ஆனால் ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல நின்றுவிடாது.

இதில் நின்றது. நடுவில் சின்னதாக ஒரு பெட்டி பிரகாசமாக இருந்தது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை, கறுப்பு. பெட்டியின் அகலத்தை அளந்தேன். முழு அகலத்தில் பன்னிரண்டில் ஒன்று. பத்தொன்பதாயிரத்து இருநூறைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆயிரத்து அறுநூறு. அதுதான் படத்தின் உண்மையான அகலம். மிச்சம் எல்லாம் கணினி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தானாக யோசித்துப் பூசிய சாம்பல் நிறம். கைபேசியில் ஒரு படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினால் அது அநேகமாக அந்த அளவுக்குத்தான் சுருங்கி வந்து சேரும். சுருக்கும்போது படத்தை எட்டெட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டும். தேடிப் பார்த்தேன். மெல்லிய கட்டங்கள் தெரிந்தன, தொண்ணூற்றாறு பிக்சலுக்கு ஒன்றாக. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவது.

நான் அவசரப்பட்டு யாரையும் கள்ளன் என்று சொல்வதில்லை. முதலாளியின் அறையில் அவருடைய பெற்றோரின் கல்யாணப் படம் தொங்கியது. அதைக் கழற்றி நானே ஸ்கேன் செய்தேன். அதன் வெளிச்சம் ஓரம் வரை போனது. பிறகு அதே கோப்பைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கித் திரும்பவும் பெருப்பித்தேன். அதே பெட்டி, அதே கறுப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் சங்கத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். எழுபது வயது தாண்டியவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "பிள்ளை, நீர் வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து இதைச் சபையில சொல்லும். நான் தனிய முடிவெடுக்கிற ஆள் இல்லை" என்றார். அவர் தனிய முடிவெடுக்காத எதையும் அந்தச் சங்கம் அதுவரை செய்ததில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கூட்டம் காலி வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. பதினைந்து பேர் இருந்தார்கள். ரோல்ஸ், பற்றிஸ், பிளேன் டீ. முதல் அரை மணித்தியாலம் போன கூட்ட அறிக்கையில் 'வருந்தினர்' என்று இருந்ததை 'வருகை தந்தனர்' என்று திருத்துவதில் போனது. பிறகு என்னை அழைத்தார்கள்.

நான் இரண்டு அலைவரிசைப் படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பொருளாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப பன்னிரண்டு பிக்சலுக்கு ஒரு பிக்சல்தான் உண்மை" என்றார்.

"குறுக்கால பன்னிரண்டுக்கு ஒண்டு, நெடுக்காலயும் அப்பிடித்தான் ரீச்சர்."

"அப்ப நூற்றி நாற்பத்து நாலுக்கு ஒண்டு."

"ஓம்."

ஆலோசகர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். தலைவரின் மருமகனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. "இந்த அச்சகத்து அக்கா சொல்லுறது பழைய முறை. நான் பாவிச்ச மென்பொருள் படத்தை நெருக்கமாக்கி, உள்ளுக்கு இருக்கிறதை வெளியில கொண்டுவரும்" என்றார்.

"உள்ளுக்கு இல்லாததை எப்பிடி வெளியில கொண்டுவாறது?" என்று பொருளாளர் கேட்டார்.

"நெகட்டிவ் எங்க? அதை ஒருக்காப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டேன்.

நெகட்டிவ் கனடாவில் இருக்கிறது என்றார் ஆலோசகர். கனடாவில் யாரிடம் என்று பொருளாளர் கேட்டபோது, படம் குடும்பக் குழுவில்தான் வந்தது, ஆனால் அனுப்பியவரிடம் நெகட்டிவ் இருந்திருக்க வேண்டும் என்றார். 'இருந்திருக்க வேண்டும்' என்ற சொல்லுக்குப் பொன் முத்திரை குத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் கையை உயர்த்தினார். திரையில் நடு வரிசையைக் காட்டினார். நடுவில் கதிரையில் இருப்பவர் அவருடைய தகப்பனார், சங்கத்தின் முதல் தலைவர். அவர் கையில் வெள்ளையாக ஏதோ விரிந்திருந்தது. "அது சங்கத்தின் யாப்பு, சட்டதிட்டங்கள். அண்டைக்குத்தான் எழுதி முடிச்சவை. மை காயமுன்னம் எடுத்த படம். இதில இருக்கிற உணர்வை உம்மட மெசின் அளக்காது பிள்ளை."

"இல்லை ஐயா, அளக்காது" என்றேன். உண்மைதானே.

சபை ஒரு தெளிவு உபகுழுவை நியமித்தது. ஆலோசகரையே அதன் இணைப்பாளராக்கியது.

நாலு நாளில் புதிய கோப்பு வந்தது. 'முழுத் தெளிவு, இறுதி' என்று பெயர் வைத்திருந்தார். திறந்தேன். முகங்கள் அதே மாவுதான்; ஆனால் மேலே ரவை தூவியிருந்தது. வெள்ளிப் பொரி இல்லை என்று நான் கூட்டத்தில் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டு, பொரியைச் செயற்கையாகச் சேர்த்திருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அலைவரிசைப் படத்தில் நடுவில் அதே பெட்டி, அதே அகலத்தில் நின்றது. சுற்றியிருந்த கறுப்பு இப்போது ஓரம் வரை ஒரே அளவான சாம்பல் மூட்டமாகியிருந்தது. உண்மையான நுணுக்கம் அப்படிப் பரவாது. நடுவில் இருந்து சரிந்து வந்து ஒன்றோடொன்று கலக்கும். இது வீட்டைச் சுற்றிப் புகை போட்டதுபோல் இருந்தது. வீடு பெரிதாகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் முழு உண்மையாகாது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் சோதனையை ஏமாற்றுவதற்கென்று ஒருவர் நாலு நாள் உழைத்திருக்கிறார்.

முதலாளிக்குக் காட்டினேன். அவர் அலைவரிசையைப் பார்க்கவில்லை; படத்தின் வலப்பக்க மூலையைப் பார்த்தார். அங்கே முட்டை வடிவில் ஒரு கறை இருந்தது. எழுந்து போய் தன் பெற்றோரின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். அதன் மூலையிலும் முட்டை வடிவில் ஒரு முத்திரை இருந்தது. அதில் எழுத்து தெளிவாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் முந்தி இருந்த ஒரு ஸ்ரூடியோ.

"ஸ்ரூடியோ போயிட்டுது. மகள் இருக்காங்க. கோவிலுக்குப் பின்னால ஒழுங்கையில. பியானோ சொல்லிக் குடுக்கிறவங்க. நீங்க போய்க் கேளுங்க மிஸ், என் பேரைச் சொல்லுங்க."

அன்று பின்னேரமே போனேன். அந்த அன்ரிக்கு எண்பது வயது கிட்ட. உள்ளே ஒரு பிள்ளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைவிட்டு வாசித்துக்கொண்டிருந்தது. அன்ரி என்னோடு கதைத்துக்கொண்டே, "எஃப் ஷார்ப்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நான் கைபேசியில் படத்தைக் காட்டினேன்.

"இது டடா எடுத்ததுதான். ஆனா இவ்வளவு மோசமா எடுக்க மாட்டாரு" என்று தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

அலுமாரியில் கண்ணாடித் தட்டுகள் கடதாசி உறைகளில் வரிசையாக நின்றன. உறைகளில் பென்சிலால் இலக்கம் மட்டும் இருந்தது. எட்டரை அங்குலம் நீளமான தட்டுகள். ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்ததில் பதினேழாவதில் முப்பத்தொரு பேரும் கறுப்பு முகத்தோடும் வெள்ளைத் தலைமயிரோடும் நின்றார்கள். தட்டைத் தர அவருக்குச் சம்மதம். ஆனால் தட்டு போகும் இடத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். அடுத்த நாள் காலை முச்சக்கர வண்டியில் தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன் மேல் தட்டை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஸ்கேன் முடியும் வரை என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

எங்களிடம் மூடியிலும் விளக்கு உள்ள பழைய ஸ்கேனர் ஒன்று உண்டு. அங்குலத்துக்கு இரண்டாயிரத்து நானூறு புள்ளி வைத்து எடுத்தேன். அகலம் இருபதாயிரத்துக்கு மேல் வந்தது. அலைவரிசைப் படத்தில் வெளிச்சம் நடுவில் இருந்து சரிந்து, மெலிந்து, வெள்ளிப் பொரியோடு கலந்து ஓரம் வரை போனது. கோடு இல்லை, பெட்டி இல்லை. அச்சு இயந்திரத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்து, "மிஸ், மேக ஹரித?" என்று, இது சரியா எனச் சிங்களத்தில் கேட்டார். "ஹரி" என்றேன்.

பிறகு முகங்களுக்குப் போனோம். ஒவ்வொருவருக்கும் கண் இமை இருந்தது. ஒருவருடைய கோட்டில் ஒரு பொத்தான் வேறு நிறம். நடு வரிசைக்கு வந்தேன். முதல் தலைவரின் முகம், எழுபத்தைந்து வருடம் கழித்து, அவர் மகனின் முகமாகவே இருந்தது. கைக்கு வந்தேன்.

அன்ரி குனிந்து பார்த்தார். "காட்ஸ்" என்றார்.

யாப்பு இல்லை. சீட்டுக்கட்டில் எட்டுச் சீட்டுகள், கமராவைப் பார்த்து விசிறிபோல விரித்துப் பிடித்தபடி. அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்களின் கைகளிலும் சீட்டுகள். முன் வரிசையில் தரையில் இருந்தவர்களுக்கு நடுவே ஒரு சின்னக் கரும்பலகை இருந்தது. ஆலோசகரின் படத்தில் அது நிழல் என்று நினைத்திருந்தேன். சோக்கட்டியால் எழுதியிருந்தது: 'முந்நூற்று நான்கு கழகம். வருடாந்த விருந்து.'

முந்நூற்று நான்கு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு ஒரு சீட்டாட்டம் மட்டும் இல்லை. குடும்பங்கள் பேசாமல் போவதற்கும் திரும்பப் பேசுவதற்கும் காரணமாக இருப்பது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டேன். யாரையும் மட்டம்தட்ட நினைக்கவில்லை. முதலில் முழுப் படத்தைப் போட்டபோது கூட்டத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "அது எங்கட பெரியப்பா" என்றார் ஒருவர். "அந்தக் காதைப் பாருங்கோ." இன்னொருவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். ஆலோசகர்கூடக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இருந்தார். பிறகு ஒருவர் கேட்டார், "பலகையில என்ன எழுதியிருக்கு?"

பெருப்பித்தேன்.

சபை வாசித்தது. தலைவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது; அந்த நேரம் இந்த வேலையைத் தொடாமலே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இந்தக் கழகமே பிறகு சங்கமா மாறியிருக்கலாம்."

"மாறியிருக்கலாம்தான். அதில என்ன வெக்கம்?" என்றார் பொருளாளர். "முப்பத்தொரு பேர் ஒழுங்காக் கூடினவை எண்டது உண்மைதானே. நாங்கள் பதினைஞ்சு பேர் கூடுறதுக்கே ரோல்ஸ் குடுக்க வேண்டியிருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மெதுவாக, "விழாவுக்குப் பிரதம விருந்தினர் வாறார். பள்ளிக்கூடப் பிள்ளையள் வருங்கள். பதினாறு அடியில சூதாட்டமோ?" என்றார்.

பலகையையும் சீட்டுகளையும் அழித்துத் தரமுடியுமா என்று செயலாளர் என்னிடம் கேட்டார். முடியும் என்றேன், ஆனால் தட்டின் சொந்தக்காரி அதற்குச் சம்மதிக்க வேண்டும், அவர் தன் தகப்பனாரின் படத்தில் ஒரு தூசியைக்கூட எடுக்க விடமாட்டார் என்றும் சொன்னேன். அப்போது ஆலோசகர் எழுந்தார். அன்று முதல் தடவையாக அவர் உண்மையைச் சொன்னார்.

"என்ர படத்தில அது ஒண்டும் தெரியாது."

ஆலோசகரின் படத்துக்கு ஒன்பது பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. தலைவர் வாக்களிக்கவில்லை. அறிக்கையில் இப்படிப் பதிந்தார்கள்: 'இரு பிரதிகளும் பரிசீலிக்கப்பட்டன. முதலாவது பிரதி சங்கத்தின் வரலாற்றுக்குப் போதுமான தெளிவைக் கொண்டிருப்பதாகச் சபை உணர்ந்தது.'

அச்சடித்தோம். வேலைத் தாளில் 'பெருப்பித்த படம், வாடிக்கையாளருக்கு அறிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். விழாவில் பத்து அடி தள்ளி நின்று பார்த்தபோது பரவாயில்லாமல் இருந்தது. பிரதம விருந்தினர் நாடா வெட்டப் படத்துக்குக் கிட்டப் போனார். ஒரு முழத் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் நின்ற செயலாளரிடம் சொன்னார். ஒலிவாங்கி திறந்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம் சங்கத்தில் இருந்து முதல் ஆள் அச்சகத்துக்கு வந்தார். பெரியப்பாவின் காதைக் கண்டுபிடித்தவர். கண்ணாடித் தட்டில் இருந்து எடுத்த படத்தில் தனக்கு ஒரு பிரதி வேண்டும், வீட்டில் வைக்க, சங்கத்துக்குச் சொல்ல வேண்டாம் என்றார். அன்ரியிடம் கேட்டுச் செய்து கொடுத்தேன். பிறகு செயலாளர் வந்தார். அவரும் சொல்ல வேண்டாம் என்றார். ஒன்றரை மாதத்தில் பதினொரு பேர் வந்து போனார்கள். அதில் ஆறு பேராவது மங்கல் படத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். எதிர்த்தவர்களே ஐந்து பேர்தான். வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்த அன்று, இருவரும் விசிட்டிங் கார்ட் அடிக்க வந்ததாகச் சொன்னார்கள்.

தலைவர் கடைசியாக வந்தார். வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில், வெயிலில். கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார்.

"பிள்ளை, அந்தக் கையை மட்டும் ஒருக்காப் பெரிசாக் காட்டும்."

காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து, சீட்டு ஒவ்வொன்றையும் விரலால் தொடாமல் தொட்டு எண்ணினார். வாய்க்குள் ஏதோ கூட்டினார்.

"ஒரே சாதியில ஜாக், ஒன்பது, ஏஸ். பக்கத்தில இன்னொரு ஜாக். இப்பிடி ஒரு கை ஆயுசில ஒருக்கா வந்தாப் பெரிசு." நிமிர்ந்தார். "நான் பத்து வயசில இருக்கேக்க அப்பா செத்துப்போனார். அவர் சிரிச்சு நான் கண்டதில்லை. யாப்பு எழுதின மனிசன் எண்டுதான் எனக்குச் சொல்லித் தந்தவை."

நான் படத்தை முகத்துக்கு நகர்த்தினேன். அதில் அவர் தகப்பனார் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்கிறார் என்பது உதட்டின் ஓரத்தில் இருந்த ஒரு மடிப்பில் தெரிந்தது. ஆயிரத்து அறுநூறு பிக்சலில் அந்த மடிப்புக்கு இடமில்லை.

எந்த அளவில் வேண்டும் என்று கேட்டேன். "மேசையில வைக்கிற அளவு காணும்" என்றார். சங்கத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

சுவர்ப் படம் இப்போதும் அந்த மண்டபத்தில் இருக்கிறது. போன மாதம் சக ஊழியர் ஒருவரின் மகளுக்கு அங்கே கல்யாண வரவேற்பு நடந்தது. படப்பிடிப்பாளர் மணமக்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் மேடையை விட்டு இங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பின்னணி நல்லா மங்கியிருக்கு அக்கா" என்றார். "லென்ஸால மங்கலாக்கிற வேலை மிச்சம்."